தூரம், விலக்கு, தலைக்கு ஊத்துறது: மாதவிடாய்க்கு வீடுகளில் ஏன் இத்தனை பெயர்?

கேள்வி: எங்க வீட்டுல பாட்டி "தூரம்"னு சொல்வாங்க, அம்மா "தலைக்கு ஊத்திருக்கேன்"னு சொல்வாங்க, நான் "பீரியட்ஸ்"னு சொல்றேன். யாருமே நேரா சொல்றதில்லை. இந்தச் சொல்லெல்லாம் வெட்கத்தால வந்ததுதானா? பத்து வயசு மகளுக்கு எதைச் சொல்லிக் கொடுக்கிறது?

பதில்:

உங்கள் பாட்டி அந்தச் சொல்லை எப்படிச் சொன்னார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அநேகமாகக் கொல்லைப்புறத்திலிருந்து உரக்கச் சொல்லியிருப்பார். "நான் தூரம், யாராவது ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து வைங்க." மாமனார் திண்ணையில் இருப்பார், கொழுந்தன் குறுக்கே போவார், பாட்டிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அதே வீட்டில் இன்று "பீரியட்ஸ்" என்று சொல்லும் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்கிறாள். அதனால் பழைய சொல்லெல்லாம் வெட்கத்தில் பிறந்தது, புதிய சொல் வெட்கத்தை விட்டுவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. என் அனுபவத்தில் நடந்தது கிட்டத்தட்ட தலைகீழ்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாதவிடாய்த் தேதியைக் கேட்டு எழுதுவது என் அன்றாட வேலை. ஒரே கேள்விக்கு ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறு வேறு சொல்லில் பதில் வரும். அந்தச் சொற்களைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் தேதி தப்பாகிவிடும். அதனால்தான் இவற்றை உன்னிப்பாகக் கேட்கப் பழகினேன்.

நம் வீடுகளில் புழங்கும் சொற்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். தூரம், வீட்டுக்குத் தூரம், விலக்கு, வீட்டு விலக்கு, தீட்டு, தலைக்குக் குளிக்கிறது, தலைக்கு ஊத்திக்கிறது. இவற்றில் ஒன்றாவது உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறதா? இல்லை. அவள் எங்கே இருக்கிறாள், எதைத் தொடக் கூடாது, எப்போது குளித்து உள்ளே வருவாள் என்று சொல்கின்றன. அதாவது இவை வீட்டாருக்கான அறிவிப்புகள். சமையற்கட்டில் வேறு ஆள் நிற்க வேண்டும், சாமி விளக்கை வேறு யாராவது ஏற்ற வேண்டும், குழந்தை போய் மடியில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் நடக்க வேண்டுமானால் விஷயம் எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும். ஆனால் குருதியைப் பற்றிப் பேசவும் கூடாது. இந்த இரண்டு தேவைக்கும் நடுவில் பொருந்தி வந்த சொல்தான் "தூரம்". எது என்று சொல்லாமல் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறது.

இந்த வழக்கம் நேற்று இன்று வந்ததில்லை. புறநானூற்றில் பொன்முடியார் பாடிய 299ஆம் பாட்டில் ஒரு போர்க்களக் காட்சி வரும். உழுத்தஞ் சக்கை தின்று வளர்ந்த சிற்றூர்த் தலைவனின் குதிரை களத்தில் பாய்ந்து போகிறது. நெய் ஊற்றிப் பிசைந்த சோறு தின்று வளர்ந்த பெருவேந்தனின் குதிரைகள் ஒதுங்கி நிற்கின்றன. எப்படி ஒதுங்கி நிற்கின்றன என்பதற்கு உவமை, "அணங்குடை முருகன் கோட்டத்துக் கலந்தொடா மகளிரின்" என்பது. முருகன் கோயிலில் கலத்தைத் தொடாமல் விலகி நிற்கும் பெண்களைப் போல. அந்தப் பாட்டு யாரைச் சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு உடனே புரிந்திருக்கிறது, விளக்கம் தேவைப்படவில்லை. பாத்திரத்தைத் தொடாதவள் என்றாலே போதும். சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தச் சொல்லும் உங்கள் பாட்டியின் "தூரம்" போலவேதான் வேலை செய்கிறது: உடம்பைச் சொல்லவில்லை, விதியைச் சொல்கிறது.

அதே காலத்தில் வேறொரு சொல்லும் இருந்தது, பூப்பு. தொல்காப்பியக் கற்பியலில் "பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும் நீத்தகன் றுறையார்" என்று வருகிறது. பரத்தையிடம் போன கணவனும் மனைவிக்குப் பூப்பு வந்த பிறகான பன்னிரண்டு நாள் அவளைப் பிரிந்து இருக்கக் கூடாது என்பது விதி. காரணம் பிள்ளைப்பேறு. சரி, பரத்தை வீட்டில் கிடக்கும் கணவனுக்கு விஷயத்தை எப்படிச் சொல்லி அனுப்புவது? பிற்கால அகப்பொருள் நூல்களில் இதற்கு ஒரு துறையே உண்டு. தோழிப் பெண்ணுக்குச் சிவப்பு ஆடை, சிவந்த பூ, செஞ்சாந்து எல்லாம் அணிவித்து அவன் இருக்கும் தெரு வழியே அனுப்புவார்கள். செவ்வணி என்று பெயர். அவள் வாயைத் திறக்கவே வேண்டாம், பார்த்தால் தெரிந்துவிடும். வாய்ச்சொல்லே இல்லாத இடக்கரடக்கல் இது. தெருவே பார்க்கும் என்பதால் இதை ரகசியம் என்றும் சொல்ல முடியாது.

அப்படியானால் அந்தக் குருதிக்கே தமிழில் பெயர் இல்லையா? இருந்தது. தூமை. சித்தர் பாடல்களில் சிவவாக்கியர் ஒளிவு மறைவு இல்லாமல் பாடுகிறார்: "மாத மாதம் தூமைதான் மறந்து போன தூமைதான்." அந்தத் தூமை நின்றுதானே உடம்பு உருவாகிறது, பிறகு குலம் என்ன, வேதம் என்ன, வேதம் ஓதுகிற நீ எதிலிருந்து விளைந்தாய், சொல் என்று கேட்கிறார். மாதவிடாய், தீட்டு, சாதி மூன்றையும் ஒரே கேள்வியில் முடிச்சுப் போட்ட பாட்டு. தீட்டும் தீண்டாமையும் ஒரே வேரில் பிறந்தவை என்பது அவருக்கு யாரும் விளக்கத் தேவைப்படாத விஷயம்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன ஆனது தெரியுமா? தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் இன்று தூமை என்பது படுமோசமான வசை. ஆண்கள் குழாயடிச் சண்டையிலும் சாராயக் கடையிலும் வாய் கூசாமல் சொல்வார்கள். வீட்டில் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்ல அந்தச் சொல்லைப் பயன்படுத்த முடியாது. நேரடியாகச் சொல்ல மொழியில் இருந்த சொல் திட்டுவதற்குப் போய்விட்டது. பெண்களுக்கு மிஞ்சியது தூரமும் விலக்கும். அவமானம் சொற்களை என்ன செய்யும் என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த ஒன்றைத்தான். வசை தெருவில் உரக்கக் கேட்கிறது, அதே பொருளைப் பற்றி மருத்துவமனையில் கேட்டால் தரையைப் பார்க்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை, முதல் தடவை வருவதற்கு மட்டும் சொற்களில் பஞ்சமே இல்லை. வயசுக்கு வந்துட்டா, பெரிய மனுஷி ஆயிட்டா, ஆளாயிட்டா, சமைஞ்சுட்டா, திரண்டுட்டா, குத்தவச்சுட்டா, சடங்காயிட்டா. இலங்கையில் பெரியபிள்ளை ஆகிட்டாள், சாமத்தியப்பட்டிட்டாள் என்பார்கள். பத்திரிகை அடிக்கும்போது "பூப்புனித நீராட்டு விழா" அல்லது "மஞ்சள் நீராட்டு விழா". தாய்மாமன் சீர்வரிசைத் தட்டோடு மேளம் கொட்டிக்கொண்டு வருகிறார், முச்சந்தியில் பிளக்ஸ் வைக்கிறார்கள், அதில் அந்தப் பிள்ளையின் படமும் பத்துப் பதினைந்து மாமன் மச்சான் படங்களும். ஊருக்கே சொல்கிறோம். அடுத்த மாதம் அதே பிள்ளைக்கு அதே குருதி வரும்போது "சத்தமா பேசாதே, அப்பா இருக்காரு" என்கிறோம்.

இதில் முரண்பாடு இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. சமைதல் என்றால் ஆயத்தமாதல். ஆளாவது, பெரிய மனுஷி ஆவது, பக்குவமாவது எல்லாம் பெண் கல்யாணத்துக்குத் தயாராகிவிட்டாள் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லும் செய்தி. அந்தச் செய்தியால் குடும்பத்துக்கு ஆக வேண்டிய காரியம் உண்டு, அதனால் பெருமையான சொல். மாதாமாதம் வருவதில் குடும்பத்துக்குத் தெரிய வேண்டியது யார் எதைத் தொடக் கூடாது என்பது மட்டுமே, அதனால் விலக்கும் சொல். இரண்டிலுமே அந்தப் பெண்ணின் உடம்பு பேசப்படவில்லை. பத்திரிகையை எத்தனை தடவை திருப்பிப் படித்தாலும் என்ன நடந்ததால் விழா என்று ஒரு வரி இருக்காது.

முதல் தடவைக்கு ஓலைக் குடிசை கட்டி உட்கார வைப்பது இன்னும் பல ஊர்களில் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை பக்கம் ஒரு சிறுமி அப்படி வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்க வைக்கப்பட்டிருந்தாள். தென்னை மரம் குடிசை மேல் விழுந்து இறந்துபோனாள். "பெரிய மனுஷி" என்ற பெருமையான சொல்லுக்குள்ளும் அந்தத் தூரம் இருக்கிறது என்பதால் இதைச் சொல்கிறேன்.

மதுரை மாவட்டத்தில் கூவலாபுரம் உள்ளிட்ட சில ஊர்களில் மாதவிலக்கான பெண்கள் தங்குவதற்கென்றே ஊருக்குப் பொதுவான தனிக் கட்டடம் இருக்கிறது. உள்ளூர்ப் பெயர் முட்டுத்துறை, முட்டுவீடு. முட்டு என்பது மாதவிடாய்க்கான பழைய சொல், கன்னடத்திலும் அதே சொல்தான். வெளியூர்க்காரர்கள் கேட்டால் "கெஸ்ட் ஹவுஸ்" என்று சொல்கிறார்களாம். முட்டு என்ற சொல்லே ஒரு மூடி. வெளி உலகத்துக்கு அதன் மேல் இன்னொரு மூடி. ஊருக்குள் எல்லோருக்கும் தெரியும் என்ற இடத்தில் வெட்கம் இல்லை, தெரியாதவர் முன்னால்தான் வெட்கம் வருகிறது.

நகரத்துக்கு வந்த குடும்பங்களில் நடந்ததும் இதுதான். முன்பு கொல்லைப்புறமோ தாழ்வாரமோ இருந்தது, தனித் தட்டு, தனிப் பாய் இருந்தது, வண்ணாத்தி வந்து மாற்றுத் துணி கொடுத்து அழுக்கை எடுத்துப் போவாள். எல்லாம் எல்லோர் கண்ணிலும் பட்டது. இரண்டு அறை வாடகை வீட்டில் யார் எங்கே ஒதுங்கி உட்காருவது? வேலைக்குப் போகிற பெண் மூன்று நாள் எப்படி வீட்டில் இருப்பது? ஒதுங்குவது நின்றது. ஒதுங்குவது நின்றதும் அறிவிக்கும் அவசியமும் போய்விட்டது. ஆனால் அசிங்கம் என்ற எண்ணம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. தொடக் கூடாது என்று இருந்தது பேச்சில் வரக் கூடாது, கண்ணில் படக் கூடாது என்று மாறியது. துணியை இன்னொரு துணிக்கு அடியில் உலர்த்துவது, கடைக்காரர் கேட்காமலே நாப்கின் பாக்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போடுவது, ஆபீசில் "வயித்து வலி", "உடம்பு சரியில்லை" என்பது எல்லாம் இந்த இரண்டாவது காலத்தைச் சேர்ந்தவை. "டேட் ஆயிடுச்சு", "பீரியட்ஸ்", "மென்சஸ்", "அந்த மூணு நாள்" ஆகியவையும் இதே காலத்தவை. இவற்றில் பலவும் பிறமொழிச் சொல் என்பதே அவற்றின் வசதி, தாய்மொழியில் கூசுவது கடன் வாங்கிய சொல்லில் கூசாது. மராத்தி வீடுகளில் குழந்தைகளுக்கு "அம்மாவைக் காக்கா தொட்டுவிட்டது" என்று சொல்லும் வழக்கம் உண்டு. அம்மா ஏன் மூலையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பிள்ளை கேட்குமே, அதற்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. யாரும் மூலையில் உட்காராத வீடுகளில் அந்தக் காக்காவுக்கும் வேலை இல்லை.

முஸ்லிம் வீடுகளில் "எனக்குத் தொழுகை இல்லை" என்பார்கள். அதுவும் விதியைச் சொல்லும் சொல்தான். ரம்ஜான் மாதத்தில் இது கொஞ்சம் சங்கடமாகிவிடும். நோன்பு இல்லாத நாளில் அப்பா, அண்ணன் கண்ணில் படாமல் சமையலறையில் நின்றபடியே ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வரும் பெண்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். நோன்பு வைக்கக் கூடாது என்பது மார்க்க விதி, விட்ட நோன்பைப் பிறகு வைக்க வேண்டும் என்பதும் விதி. ஒளிந்து சாப்பிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அது வீட்டார் சேர்த்துக்கொண்டது.

இனி என் வேலைக்கு வருகிறேன். இந்தச் சொற்களால் உண்மையில் என்ன தவறுகிறது என்று அங்கேதான் பார்த்தேன்.

கர்ப்பிணிக்குப் பிரசவத் தேதி குறிக்க கடைசி மாதவிடாயின் முதல் நாள் வேண்டும், அதாவது குருதி பட ஆரம்பித்த நாள். அதிலிருந்து 9 மாதமும் 7 நாளும் கூட்டுவோம். மார்ச் 3 என்றால் டிசம்பர் 10. ஆனால் நாம் கேட்கும் கேள்வி என்ன? பெரும்பாலும் "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சே?" என்பதுதான், ஏனென்றால் நேராகக் கேட்க எங்களுக்கும் கூச்சம். அவள் மார்ச் 3 தூரமாகி, வீட்டு வழக்கப்படி மார்ச் 6 காலையில் தலைக்குக் குளித்து உள்ளே வந்திருப்பாள். அவள் நினைவில் நிற்பது அந்தக் குளியல்தான், ஏனென்றால் அன்றுதான் சமையலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். மார்ச் 6 என்று சொல்வாள், கார்டில் டிசம்பர் 13 என்று எழுதிவிடுவோம். மூன்று நாள் வித்தியாசம் பெரிய ஆபத்தில்லை, ஸ்கேன் வந்த பிறகு அது திருத்தப்பட்டும் விடும். ஆனால் வேறு சில வீடுகளில் தூரமான அன்றே ஒரு குளியல், முடிந்ததும் இன்னொரு குளியல். உங்கள் அம்மா "தலைக்கு ஊத்திருக்கேன்" என்பது ஆரம்பத்தையா முடிவையா என்று அவரையே கேட்டால்தான் தெரியும். ஒருமுறை புதுசாகக் கல்யாணமான பெண்ணிடம் இதே கேள்வியைக் கேட்டேன். "நேத்துதான்க்கா, வெள்ளிக்கிழமை இல்லையா" என்றாள். எண்ணெய் தேய்த்துக் குளித்ததைச் சொல்கிறாள் பாவம். அவள் மேல் தப்பே இல்லை, நான் கேட்டதுதான் அப்படி. "முழுகாம இருக்கா" என்றால் கர்ப்பம் என்று பொருளாவதும் இதே கணக்கில்தான்: மாதக் குளியல் நடக்கவில்லை, அவ்வளவுதான் செய்தி.

தேதி போகட்டும். நாள் கணக்கு இதைவிடக் கவலைக்குரியது. நாற்பது வயது தாண்டிய ஒரு பெண் முகாமுக்கு வந்தார். முகம் வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 7 கிராம்தான் இருந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும்.

"மாசாமாசம் ஒழுங்கா தூரமாகுதாம்மா?"

"அதெல்லாம் ஒழுங்கா ஆகுது."

"எத்தனை நாள்?"

"மூணு நாளுதான் தாயி. எல்லாருக்கும் போலத்தான்."

இதோடு விட்டிருந்தால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்போம். ஏதோ இடித்தது. "சரி, துணி வைக்கிறது எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அது பத்து நாளைக்கு மேல போகுது. கட்டி கட்டியாவும் வருது" என்றார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றால், நான் அதைக் கேட்கவில்லை. தூரம் மூன்று நாள்தான். நாலாம் நாள் குளித்துவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டார், தூரம் முடிந்தது. அதற்குப் பிறகும் குருதி வந்துகொண்டிருக்கிறதே என்றால், அதற்கு அவரிடம் பெயரே இல்லை. பெயர் இல்லாத ஒன்றை நோய் என்று யாரிடம் சொல்வார்? மேலே அனுப்பி ஸ்கேன் பார்த்ததில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை என்பதை நன்றாகக் கவனியுங்கள். "தூரம்" விதியின் பெயர் என்பதால், விதி எத்தனை நாளோ அத்தனை நாள் என்று சரியாகவே பதில் சொன்னார். அதன் பிறகு நான் யாரிடமும் "எத்தனை நாள் தூரம்" என்று கேட்டதில்லை. முதல் சொட்டு எந்த நாள் பட்டது, கடைசியாக எந்த நாள் துணியோ பேடோ தேவைப்பட்டது, அதிகமாகப் போகும் நாளில் எத்தனை மாற்ற வேண்டியிருக்கிறது, கட்டி வருகிறதா என்றுதான் கேட்பேன். ஏழு நாளுக்கு மேல் போனாலும், ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்புறம் வயதான பெண்கள் விஷயத்தில் ஒன்று. முற்றிலும் நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு மறுபடி பட்டால், "பாட்டிக்குத் திரும்ப வயசு வந்துடுச்சு" என்று வீட்டில் கேலி செய்வார்கள், பாட்டியும் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுவார். அது சிரிக்கும் விஷயமில்லை, புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டிய அறிகுறி.

அரசாங்கச் சொற்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பாடநூலும் சுகாதாரத் துறையும் எழுதுவது மாதவிடாய். மாதவிலக்கு என்பதில் விலக்கி வைப்பது அப்படியே இருப்பதால் நான் அதை எழுதுவதில்லை, இது என் தனிப்பட்ட பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2011-12 வாக்கில் தமிழ்நாடு அரசு வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுக்கத் தொடங்கியபோது அந்தப் பாக்கெட்டுக்கு "புதுயுகம்" என்று பெயர் வைத்தார்கள். என் பகுதியில் கொஞ்ச நாளிலேயே பிள்ளைகள் "அக்கா, புதுயுகம் தீர்ந்துடுச்சு" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நல்ல திட்டம், கூடவே இன்னொரு மறைபெயரும் கிடைத்தது. நான் குறை சொல்லவில்லை. கேட்டு வாங்க ஒரு சொல் கிடைத்ததால்தான் சில பிள்ளைகள் கேட்கவே செய்தார்கள்.

மறைபெயர் எல்லாம் கெட்டது என்று நான் நினைக்காததும் இதனால்தான். ஒன்றுக்குப் போகிறேன், கால் கழுவப் போகிறேன் என்கிறோமே, அதில் எந்தப் பழுதும் இல்லை, யாரும் அதனால் நோயை மறைப்பதில்லை. மறைபெயரோடு கூடவே நேரான சொல்லும் ஒன்று கையில் இருந்தால் போதும். நம் வீடுகளில் அந்த இரண்டாவது சொல் இல்லாமல் போனதுதான் சிக்கல்.

உங்கள் மகளுக்கு பத்து வயது என்கிறீர்கள், இதுதான் சரியான சமயம், வந்த பிறகு சொல்வதைவிட முன்பே சொல்வது நல்லது. வீட்டில் "பீரியட்ஸ்" என்றே புழங்குங்கள், அதை மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மாதவிடாய் என்ற சொல்லை எழுதவும் வாசிக்கவும் பழக்குங்கள், நாளைக்கு மருத்துவமனைப் படிவத்தில் அதுதான் இருக்கும். இவற்றோடு, கர்ப்பப்பையின் உள்படலம் மாதாமாதம் கரைந்து குருதியோடு வெளியே வருகிறது, பெண்ணுறுப்பு வழியாக வருகிறது, சிறுநீர் வரும் வழி வேறு, இது வேறு என்று உறுப்பின் பெயரோடு சொல்லுங்கள். கடைசியில் சொன்ன விஷயம் கல்யாணமான பெண்கள் பலருக்கே தெரியாது, நான் பார்த்திருக்கிறேன். முதல் ஒன்றிரண்டு வருடம் மாதம் தவறி வரலாம், அதற்குப் பயப்பட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். குருதி பட ஆரம்பிக்கும் நாளை, குளிக்கும் நாளை அல்ல, காலண்டரில் வட்டம் போடச் சொல்லுங்கள். ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் நடுவில் இத்தனை நாள் என்று பார்க்க அவளுக்கே வந்துவிடும். காலண்டர் அடுப்படியில் தொங்கட்டும், பீரோவுக்குள் வேண்டாம். அவளுக்கு அண்ணனோ தம்பியோ இருந்தால் அவனும் அந்த வட்டத்தைப் பார்ப்பான், என்னவென்று கேட்பான். கேட்டால் அவனுக்கும் இதே சொற்களில் சொல்லுங்கள்.

பாட்டி "தூரம்" என்றால் திருத்தப் போகாதீர்கள். அவரிடம் மகளையே கேட்க விடுங்கள், அந்தக் காலத்தில் எங்கே உட்காருவீங்க, எதில் சாப்பிடுவீங்க, மழை பெய்தால் என்ன செய்வீங்க என்று. நான் கேட்ட பாட்டிகள் யாரும் இதைச் சொல்லத் தயங்கியதில்லை. சிலர் அந்த மூன்று நாள்தான் எனக்கு ஓய்வு, மாமியார் வாயிலிருந்து தப்பித்த நாள் என்று சிரித்திருக்கிறார்கள். சிலர் மழையில் மாட்டுக்கொட்டிலில் பச்சைப் பிள்ளையோடு உட்கார்ந்திருந்ததைச் சொல்லிவிட்டு, பேச்சை மாற்றிவிட்டார்கள்.